மழையால் தள்ளிப்போகும் ஆண்டு விழா: பெற்றோருக்குப் போகும் கடிதம்

கனமழை காரணமாக ஆண்டு விழாவை வேறு நாளுக்கு மாற்றுவதாகப் பள்ளி முதல்வர் அனுப்பும் கடிதம், தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் பெற்றோருக்குப் பழக்கமான ஒன்று. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே விழாவை முடித்துவிட நினைக்கும் பள்ளிகள் டிசம்பர் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. 2015ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது அதே வாரத்தில்தான்.

இந்தக் கடிதத்தில் எழுத்து நடையைவிட முக்கியமானது, அது எப்போது அனுப்பப்படுகிறது என்பது. சென்னைப் புறநகரில் திறந்த மைதானம் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். விழா டிசம்பர் 6, சனிக்கிழமை மாலை. புதன்கிழமை பிற்பகல் வெளியான வானிலை அறிவிப்பு, வெள்ளியும் சனியும் அந்த மாவட்டத்தின் ஓரிரு இடங்களில் மிக கனமழை பெய்ய வாய்ப்புள்ளது என்று சொல்லி ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கிறது. முதல்வர் அன்றே முடிவெடுக்க வேண்டுமா, சனிக்கிழமை காலை வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா?

அந்த அறிவிப்பில் உள்ள சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. 24 மணி நேரத்தில் ஓரிடத்தில் 6.5 சென்டிமீட்டர் அளவுக்கு மேல் பெய்தால் அது கனமழை, ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மிக கனமழை. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானிகளில் கால் பங்கு இடங்களிலோ அதற்கும் குறைவாகவோ பெய்யக்கூடும் என்று பொருள். ஆகவே ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள நாளிலும் ஒரு குறிப்பிட்ட பள்ளியின் மேல் லேசான தூறல் மட்டுமே விழுந்து போவது நடக்கக்கூடியதுதான். மஞ்சள் எச்சரிக்கை வானிலையைக் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. ஆரஞ்சு, தயாராக இருக்கச் சொல்கிறது. சிவப்பு, உடனே செயலில் இறங்கச் சொல்கிறது. ஆனால் ஆயிரம் பேர் கூடும் மாலை விழாவுக்குச் சிவப்பு வரும்வரை காத்திருப்பது காலம் கடந்த செயல்.

காரணம் ஷாமியானா துணியில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒரு லிட்டர். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பந்தலின் மேல் 7 சென்டிமீட்டர் மழை பெய்தால், மொத்தம் 14,000 லிட்டர், அதாவது 14 டன் தண்ணீர் விழுகிறது. பெரும்பகுதி வழிந்துவிடும் என்றாலும் துணி தொய்ந்த இடங்களில் குளம்போல் தேங்கும். தேங்கத் தேங்கத் துணி மேலும் தொய்யும். சனிக்கிழமை ஒரு துளிகூடப் பெய்யாவிட்டாலும் வெள்ளி இரவு பெய்த மழையே பந்தலின் கால்களை ஊறிய மண்ணில் தளர்த்திவிடும். மைக் செட், விளக்குகள், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கான கம்பிகள் ஈரத் தரையில்தான் ஓடும். வெறுங்காலில் சலங்கை கட்டிய குழந்தைகள் அதே தரையைக் கடந்துதான் மேடை ஏற வேண்டும். விழா முடிந்து இரவு 9 மணிக்குத் தாழ்வான சாலைகள் வழியே வீடு திரும்புவது தனிச் சிரமம்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கட்டும், அதன்பின் சொல்வோம் என்று காத்திருக்கும் பள்ளிகள் உண்டு. அந்த அறிவிப்பு பெரும்பாலும் முந்தைய நாள் மாலையிலோ, அன்று அதிகாலையிலோதான் வரும். அதற்குள் பேத்தியின் நடனத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து தாத்தா பாட்டி கிளம்பியிருப்பார்கள், அப்பா விடுப்பு எடுத்திருப்பார், சாப்பாட்டுக்குச் சொல்லியாகியிருக்கும். விடுமுறையும் மாவட்டம் மாவட்டமாக அறிவிக்கப்படுகிறது. சென்னை, செங்கல்பட்டு எல்லையில் உள்ள ஒரு பள்ளிக்கு இரண்டு மாவட்டங்களிலிருந்தும் குழந்தைகள் வருவார்கள். ஒரு மாவட்டத்துக்கு விடுமுறை, இன்னொன்றுக்கு இல்லை என்றால் வீடுகளில் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே மேலே சொன்ன பள்ளி வியாழக்கிழமை காலையில் கடிதத்தை அனுப்பிவிட வேண்டும். இரண்டு நாள் அவகாசம் இருந்தால்தான் பயணச்சீட்டை ரத்து செய்யவும், சாப்பாட்டை நிறுத்தவும், வாடகை உடைக்கு வேறு நாள் கேட்கவும் முடியும். மாற்றிய பிறகு சனிக்கிழமை வெயில் அடித்தால் சிலர் குறைபட்டுக்கொள்வார்கள். அந்தக் குறையைத் தாங்கிக்கொள்வது முதல்வரின் பொறுப்பில் சேர்ந்தது.

கடிதத்தை எழுதும் முன் புதிய நாளை முடிவு செய்ய வேண்டும். இங்குதான் பல பள்ளிகள் அவசரப்படுகின்றன. அடுத்த சனிக்கிழமை என்று சொல்லிவிட்டால் அது அரையாண்டுத் தேர்வின் நடுவில் விழும். அடுத்த தாழ்வுப் பகுதி வந்தால் மறுபடியும் மாற்ற நேரும். இரண்டாம் முறை மாறும் விழாவுக்குப் பெற்றோரின் நம்பிக்கையை மீட்பது கடினம். தேர்வு முடிந்தால் விடுமுறை, அதன்பின் பொங்கல். ஜனவரி 24 சனிக்கிழமை நன்றாகத்தான் தெரியும். ஆனால் 26ஆம் தேதி குடியரசு தினம் திங்களில் வருவதால் மூன்று நாள் தொடர் விடுமுறையில் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். எனவே ஜனவரி 31. அந்த நேரத்தில் சென்னையில் மழை மிகக் குறைவு. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வின் நெருக்கடியும் முழுதாகத் தொடங்கியிருக்காது. முதன்மை விருந்தினர், பந்தல்காரர், ஒலி ஒளி அமைப்பவர், உடை வாடகைக் கடை ஆகிய நால்வரிடமும் தொலைபேசியில் பேசி, அந்த நாள் அவர்களுக்கு ஒத்துவரும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கடிதத்தில் தேதியை எழுத வேண்டும். உறுதியாகவில்லை என்றால், புதிய தேதி எந்த நாளுக்குள் தெரிவிக்கப்படும் என்பதையாவது திட்டமாக எழுதலாம்.

அப்படி எழுதப்படும் கடிதம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

“அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம். டிசம்பர் 6, சனிக்கிழமை மாலை நடைபெறவிருந்த நம் பள்ளி ஆண்டு விழா அன்று நடைபெறாது. விழா ஜனவரி 31, சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நம் பள்ளி மைதானத்திலேயே நடைபெறும். வெள்ளி, சனி ஆகிய இரு நாட்களும் நம் மாவட்டத்துக்கு மிக கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. ஈரமான திடலில் பந்தலும் மின் இணைப்புகளும் பாதுகாப்பாக இருக்காது என்பதால் இந்த முடிவை எடுத்தோம். இன்று முதல் ஒத்திகை இல்லை. ஜனவரி 19 அன்று மீண்டும் தொடங்கும். நடன உடைக்காக நீங்கள் கட்டிய தொகை புதிய நாளுக்கும் செல்லும். மறுபடி கட்ட வேண்டாம். கையில் உள்ள அழைப்பிதழையே ஜனவரி 31 அன்று கொண்டு வரலாம். வெள்ளிக்கிழமை வகுப்புகள் உண்டு. விடுமுறை அறிவிக்கப்பட்டால் தனியாகச் செய்தி அனுப்புவோம். புதிய நாளில் உங்கள் பிள்ளை பங்கேற்க இயலாது என்றால், டிசம்பர் 10ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவிக்கவும். மேடையேறக் காத்திருந்த பிள்ளைகளுக்கு இது ஏமாற்றம் தரும் என்பதை அறிவோம். அவர்கள் பயிற்சி செய்த ஒரு நிகழ்ச்சியும் கைவிடப்படாது. இப்படிக்கு, முதல்வர்.”

இந்தக் கடிதத்தின் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே செய்தி முடிந்துவிடுகிறது. பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் படிக்கும் அம்மாவுக்கு அவ்வளவு போதும். ‘கடந்த சில நாட்களாக நிலவி வரும் அசாதாரணமான வானிலையைக் கருத்தில் கொண்டு’ என்று தொடங்கும் கடிதத்தில், தேதியைத் தேடி மூன்றாம் பத்திக்குப் போக வேண்டியிருக்கும். அதைவிடத் தீங்கானது ‘மழை பெய்தால் விழா மாற்றப்படலாம்’ என்னும் வாக்கியம். பெற்றோர் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. எதற்கும் தயாராக இருக்க விடுவதில்லை.

காரணத்துக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். அதற்கு மேல் உள்ள இடம் எல்லாம் பெற்றோரின் கேள்விகளுக்குரியது. அவற்றில் பள்ளி அலுவலகத் தொலைபேசியை ஓயாமல் ஒலிக்கவைப்பது உடைப் பணம் பற்றிய கேள்விதான். மூன்று நிமிட நடனத்துக்காக வாடகை கட்டிய குடும்பத்துக்கு, அதை இன்னொரு முறை கட்டுவது எளிதல்ல. பிள்ளையின் முன் அதைச் சொல்லவும் கூசும். அடுத்துவரும் கேள்வி, வெள்ளிக்கிழமை பள்ளி உண்டா என்பது. விழா இல்லை என்றதும் வகுப்பும் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கடிதத்தில் அதற்கென்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்.

மழைக்காலத்தில் கடிதம் போய்ச் சேரும் வழியும் கவனிக்கப்பட வேண்டியது. நாட்குறிப்பில் ஒட்டி அனுப்பிய தாள், பிள்ளை அன்று வராவிட்டால் வீட்டுக்குப் போகாது. வாட்ஸ்அப் வேகமாகப் போகும். ஆனால் போன ஆண்டின் கடிதமும் அதில்தான் மீண்டும் சுற்றிவரும். ஆகவே தேதி, கிழமை, ஆண்டு மூன்றும் தாளின் தலைப்பில் இருக்க வேண்டும். பள்ளி முத்திரையும் கையொப்பமும் வேண்டும். நிர்வாகி மட்டுமே எழுதக்கூடிய வகுப்புக் குழுவில் அது வர வேண்டும். கைப்பேசி இல்லாத வீடுகளுக்கும் பதில் வராத வீடுகளுக்கும் வகுப்பாசிரியர் நேரில் பேசிவிடுவது நல்லது. ஆங்கில வழிப் பள்ளிகள் பலவற்றில் இந்தக் கடிதம் ஆங்கிலத்தில் மட்டுமே போகிறது. மாலையில் பிள்ளையை அழைத்துவருவது பாட்டியாக இருக்கும் வீட்டில் அந்தத் தாள் படிக்கப்படாமலே கிடக்கும். ஒரே தாளில் தமிழும் ஆங்கிலமும் இருந்தால் பள்ளிக்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

கடிதம் வெளியே போகும் அதே நேரத்தில் பேருந்து ஓட்டுநர்கள், காவலாளி, நடன ஆசிரியர் ஆகியோருக்கும் தகவல் போக வேண்டும். வாயிலில் பழைய தேதியுடன் கட்டிய பேனரைக் கழற்றிவிட்டுப் புதிய தேதியை எழுதிவைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை யாரேனும் ஒருவர் வாயிலில் நிற்பது அவசியம்; எத்தனை வழியில் சொன்னாலும், ஒப்பனையோடு ஒரு குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துசேரும் குடும்பம் ஒன்று இருக்கவே செய்யும். ஜனவரி 31க்கு ஒரு வாரம் முன்பாக, தேதியையும் நேரத்தையும் மட்டும் தாங்கிய சிறிய நினைவூட்டல் கடிதம் ஒன்றை அனுப்பியாக வேண்டும். ஏழு வாரங்களுக்கு முன் படித்த தேதியைப் பெரும்பாலான வீடுகள் அதற்குள் மறந்திருக்கும்.