பந்துக்கும் அலை உண்டு: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வேகப்பந்து வீச்சாளரின் கையை விட்டு மணிக்கு 144 கிலோமீட்டரில் புறப்படும் கிரிக்கெட் பந்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு. பிளஸ் ஒன் வேதியியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நினைவிருக்கும். எலக்ட்ரானுக்கு ஒரு விடை, பந்துக்கு ஒரு விடை. கடைசியில் ‘ஆகவே பந்தின் அலைத்தன்மை புறக்கணிக்கத்தக்கது’ என்று ஒரு வரி. மதிப்பெண் வந்துவிடும். எதனோடு ஒப்பிட்டு அதைப் புறக்கணிக்கிறோம் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அந்த ஒப்பீட்டில்தான் விஷயமே இருக்கிறது.

1924இல் பாரிஸில் லூயி டி பிராலி என்ற இளைஞர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். ஒளி, அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்கிறது என்றால், துகள் என்று நாம் நினைப்பவையும் அலையாக நடந்துகொள்ள வேண்டும் என்றார். அதற்கு அவர் தந்த சூத்திரம் மிகச் சிறியது:

λ = h / mv

λ என்பது அலைநீளம். m நிறை, v வேகம். இரண்டையும் பெருக்கினால் வருவது உந்தம். h என்பது பிளாங்க் மாறிலி, 6.626 × 10⁻³⁴ ஜூல் விநாடி. புள்ளி வைத்து 33 சுழிகள் போட்ட பிறகுதான் அந்த 6 வரும். எலக்ட்ரானுக்குத் தனிச் சூத்திரம், பந்துக்குத் தனிச் சூத்திரம் என்று எதுவும் கிடையாது. இரண்டுக்கும் இது ஒன்றுதான்.

முதலில் பந்து

ஆடவர் கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை இருக்கலாம். நாம் 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிராமைக் கிலோகிராமாக்கினால் 0.16. மணிக்கு 144 கிலோமீட்டரை 3.6ஆல் வகுத்தால் விநாடிக்கு 40 மீட்டர். உந்தம் 0.16 × 40 = 6.4. பிளாங்க் மாறிலியை இதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 1.04 × 10⁻³⁴ மீட்டர்.

மாணவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். அலகை மாற்றாமல் 160ஐயும் 144ஐயும் அப்படியே பெருக்கிப் போட்டால் விடை 3,600 மடங்கு சிறிதாகிவிடும். ஆனால் 10⁻³⁴ வந்தாலும் 10⁻³⁸ வந்தாலும் பார்க்கிறவருக்கு ‘ரொம்பச் சின்னது’ என்றுதான் தோன்றும். பிழை கண்ணில் படாது. ஜூல் என்ற அலகுக்குள்ளேயே கிலோகிராமும் மீட்டரும் விநாடியும் ஒளிந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

அடுத்து எலக்ட்ரான்

எலக்ட்ரானுக்குக் கற்பனை எண் எதுவும் தேவையில்லை. நிஜமாகவே நடந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க்கில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளிண்டன் டேவிசனும் லெஸ்டர் ஜெர்மரும் நிக்கல் உலோகத்தின் மீது எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, அவை எந்தத் திசையில் சிதறுகின்றன என்று அளந்துகொண்டிருந்தார்கள். 1925இல் திரவக் காற்று வைத்திருந்த குடுவை வெடித்து, வெற்றிடக் குழாய்க்குள் காற்று புகுந்தது. சூடாக இருந்த நிக்கலின் மேல் ஆக்சைடு படிந்துவிட்டது. அதைப் போக்க அவர்கள் நிக்கலை நெடுநேரம் சூடேற்றினார்கள். அதில் சிறு சிறு படிகங்களாக இருந்த உலோகம், சில பெரிய படிகங்களாக மாறிவிட்டது. அதன் பிறகு எலக்ட்ரான்கள் சிதறிய விதமே வேறாக இருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய், ஒற்றைப் படிகத்தை வைத்துச் செய்த சோதனையின் முடிவை 1927இல் வெளியிட்டார்கள். 54 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்கள் 50 டிகிரி கோணத்தில் மட்டும் கூட்டமாக வந்து விழுந்தன.

54 வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரானின் வேகம் என்ன? அதன் ஆற்றல் 54 × 1.602 × 10⁻¹⁹, அதாவது 8.65 × 10⁻¹⁸ ஜூல். எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். ½mv² என்ற இயக்க ஆற்றல் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் வேகம் விநாடிக்கு சுமார் 43.6 லட்சம் மீட்டர். உந்தம் 3.97 × 10⁻²⁴. அலைநீளம் 1.67 × 10⁻¹⁰ மீட்டர், அதாவது 0.167 நானோமீட்டர்.

இது காகிதத்தில் போட்ட கணக்கு. இனிச் சோதனை சொன்னதைப் பார்ப்போம். நிக்கல் படிகத்தின் மேற்பரப்பில் அணு வரிசைகளுக்கு நடுவே உள்ள தூரம் 0.215 நானோமீட்டர். அதை 50 டிகிரியின் சைன் மதிப்பான 0.766ஆல் பெருக்கினால் 0.165. டி பிராலி சூத்திரம் தந்த விடையும் நிக்கல் தந்த விடையும் இவ்வளவு நெருங்கி நின்றன. 1929இல் டி பிராலிக்கும், 1937இல் டேவிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எதனோடு ஒப்பிடுவது?

மூடிய அறைக்குள் ஒருவர் பேசினால், ஒருக்களித்த கதவின் இடுக்கு வழியே வெளியில் எல்லாப் பக்கமும் குரல் கேட்கிறது. அதே இடுக்கில் வரும் விளக்கு வெளிச்சம் நேர்கோடாகத் தரையில் விழுகிறது. குரலின் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இடுக்கின் அளவுக்கு அலைநீளம் நெருங்கினால் அலை வளைந்து பரவும்; அதைவிட மிகச் சிறியதாக இருந்தால், துகள் போல நேரே போய்விடும்.

எலக்ட்ரானின் 0.167 நானோமீட்டரும் நிக்கல் அணு வரிசைகளின் 0.215 நானோமீட்டரும் ஒரே அளவில் இருக்கின்றன. அதனால் படிகமே அதற்கு இடுக்காக அமைந்தது. பந்துக்கு அப்படி ஓர் இடுக்கு எங்கே கிடைக்கும்? ஒரு புரோட்டானின் குறுக்களவே 1.7 × 10⁻¹⁵ மீட்டர். பந்தின் அலைநீளம் அதைவிட 10¹⁹ மடங்குக்கு மேல் சிறியது. அந்த அளவில் இடுக்கோ தடையோ எங்கும் இல்லை. இருந்தாலும் ஏழு சென்டிமீட்டர் பந்து அதற்குள் நுழையாது.

கெட்டிக்கார மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: “பந்தை மெதுவாக உருட்டினால் வேகம் குறையும், அலைநீளம் கூடுமே?” கூடும். எலக்ட்ரானைப் போல அணு அளவு அலைநீளம் வேண்டுமென்றால் பந்தின் வேகம் விநாடிக்கு 4 × 10⁻²³ மீட்டராக இருக்க வேண்டும். பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் ஓடினாலும் அந்தப் பந்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட நகர்ந்திருக்காது. சரி, அசையாமல் கிடக்கும் பந்துக்கு வேகம் பூஜ்யம், அலைநீளம் முடிவிலிதானே என்றால் அதுவும் நடக்காது. அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதுவதால் எந்தப் பந்தும் முழுதாக அசைவற்று இருப்பதில்லை. அந்த வெப்ப அசைவின் வேகம் விநாடிக்கு 1.6 × 10⁻¹⁰ மீட்டர் அளவில் இருக்கும். அதற்குரிய அலைநீளம் 2.6 × 10⁻²³ மீட்டர். சும்மா கிடக்கும் பந்தின் அலைகூட புரோட்டானைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறியது.

ஹெய்சன்பர்க் போட்ட எல்லை

டேவிசனும் ஜெர்மரும் முடிவை வெளியிட்ட அதே 1927இல், வெர்னர் ஹெய்சன்பர்க் நிச்சயமின்மைக் கோட்பாட்டைச் சொன்னார். அதை இன்று இப்படி எழுதுகிறோம்:

Δx × Δp ≥ h / 4π

ஒரு பொருள் இருக்கும் இடத்தை Δx அளவுக்கு நெருக்கிச் சொன்னால், அதன் உந்தத்தில் குறைந்தது Δp அளவு தெளிவின்மை இருந்தே தீரும். வலப்பக்க எண் 5.27 × 10⁻³⁵. h-ஐ 4πஆல் வகுக்க மறந்தால் விடை பன்னிரண்டரை மடங்கு பெருகிவிடும். தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை இது.

இருவருக்கும் ஒரே நிபந்தனை வைப்போம்: இருக்குமிடம் ஓர் அணுவின் அகலத்துக்குள், 10⁻¹⁰ மீட்டருக்குள், தெரிந்திருக்க வேண்டும். உந்தத்தின் தெளிவின்மை இருவருக்கும் 5.27 × 10⁻²⁵. அதை நிறையால் வகுத்தால் வேகத்தின் தெளிவின்மை கிடைக்கும். எலக்ட்ரானுக்கு அது விநாடிக்கு 580 கிலோமீட்டர். பந்துக்கு விநாடிக்கு 3.3 × 10⁻²⁴ மீட்டர். போட்ட கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: இந்த இரு விடைகளின் விகிதமும் பந்து, எலக்ட்ரான் நிறைகளின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் 1.8 × 10²⁹தான்.

580 கிலோமீட்டர் என்பதன் பொருள் என்ன? 1913இல் நீல்ஸ் போர் சொன்ன ஹைட்ரஜன் அணுவில், எலக்ட்ரான் ஒரு சுற்று முடிக்க 1.5 × 10⁻¹⁶ விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் விநாடிக்கு 580 கிலோமீட்டர் என்ற தெளிவின்மை 0.87 × 10⁻¹⁰ மீட்டராக வளர்ந்துவிடும். அதாவது ஏறக்குறைய அணுவின் அளவே. ஒரு சுற்று முடிவதற்குள் எலக்ட்ரான் எங்கே என்ற தகவலே அழிந்துவிடுகிறது. ‘பாதை’ என்று வரைந்து காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. கோள்கள் சூரியனைச் சுற்றுவது போல எலக்ட்ரான் சுற்றுவதாக வரையப்படும் படம் தவறானது என்று சொல்ல இந்தச் சின்னக் கணக்கே போதும்.

பந்தின் பக்கம் பாருங்கள். 1,380 கோடி ஆண்டுகள் காத்திருந்தாலும் அதன் தெளிவின்மை 1.4 மைக்ரோமீட்டர்தான் வளரும். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆட்டத்தில் எல்பிடபிள்யூ முறையீட்டின்போது பந்தின் பாதையைக் கணிக்கும் கேமரா முறைக்கும் மில்லிமீட்டர் கணக்கில் பிழை உண்டு. அதற்கும் ஹெய்சன்பர்க்குக்கும் சம்பந்தமில்லை. அது கேமராவின் குறை. நல்ல கேமரா வந்தால் குறையும். ஹெய்சன்பர்க் சொன்ன எல்லையை எந்தக் கருவி வந்தாலும் குறைக்க முடியாது.

அப்படியானால் எலக்ட்ரான் உலகம் முடிந்து பந்தின் உலகம் தொடங்கும் கோடு எங்கே? சூத்திரத்தில் அப்படியொரு கோடு இல்லை. 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த ஃபுல்லரீன் மூலக்கூறுகளை நுண்ணிய இடுக்குகள் வழியே அனுப்பி, அவை அலையாகப் பரவுவதைக் காட்டினார்கள். அவற்றின் அலைநீளம் 2.5 × 10⁻¹² மீட்டர், மூலக்கூறின் அகலத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. அப்படியும் அலை தெரிந்தது. 2019இல் அங்கேயே ஹைட்ரஜன் அணுவைப் போல 25,000 மடங்குக்கு மேல் கனமான மூலக்கூறுகளிடமும் இதைக் காட்டினார்கள். நிறை கூடக் கூட இடுக்கை நுணுக்க வேண்டும், வெற்றிடத்தைக் கூட்ட வேண்டும், அதிர்வையும் வெப்பத்தையும் அடக்க வேண்டும். பந்து வரை போக முடியாமல் நம்மைத் தடுத்து நிற்பவை இந்த வேலைகள்தான். சூத்திரம் எந்த நிறையிலும் தடை போடவில்லை.