முள் பூஜ்யத்தில் நின்றால் போதாது

காய்கறி வண்டியில் தொங்கும் வட்டத் தராசில், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறோம். ஆனால் பூஜ்யத்தைத் திருகாணியைத் திருகி யார் வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம். ஸ்பிரிங் தளர்ந்திருப்பது பாரம் ஏற்றினால்தான் வெளிப்படும்.

சோதிக்க முத்திரையிட்ட இரும்பு எடைக்கற்கள் வேண்டும். சிலர் ஒரு கிலோ உப்புப் பொட்டலங்களைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் 15 கிராம் வரை கூடக்குறைய இருக்கச் சட்டமே இடம் தருவதால், சிறிய பிழையைப் பிடிக்க அது உதவாது.

பத்துக் கிலோ தராசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கோட்டுக்கு 50 கிராம். தட்டை மாட்டி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, கற்களைப் படிப்படியாக ஏற்றுகிறோம். 2 கிலோவுக்கு முள் 2 கிலோ 50 கிராம் காட்டுகிறது. 4 கிலோவுக்கு 100 கிராம் அதிகம். 8 கிலோவுக்கு 200 கிராம் அதிகம். எல்லா எடைக்கும் ஒரே 50 கிராம் கூடியிருந்தால் பூஜ்யம்தான் நகர்ந்திருக்கிறது, திருகாணியே போதும். இங்கே பாரத்தோடு பிழையும் வளர்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பே குறைந்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் தராசில் 2 கிலோ தக்காளி வாங்குபவருக்குச் சுமார் 50 கிராம் குறையும். விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

பெரும்பாலும் துருதான் காரணம். மழையிலும் ஈரக் கீரையிலும் நனைந்து கம்பி மெலிகிறது. அதன் விட்டம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பு ஏறக்குறைய நூற்றில் நான்கு பங்கு குறைந்துவிடும். பார்வைக்கு ஸ்பிரிங் பழையபடியே இருக்கும்.

சோதனை இத்துடன் முடிவதில்லை. 8 கிலோவை அரை மணி நேரம் தொங்கவிட்டு, கற்களை ஒவ்வொன்றாக இறக்கியபடி மீண்டும் படிக்க வேண்டும். ஏற்றும்போது 4 கிலோ 100 காட்டிய முள், இறக்கும்போது 4 கிலோ 150 காட்டலாம். உடனே ஸ்பிரிங்கைக் குறைசொல்ல வேண்டாம். தராசின் மூடியை விரலால் லேசாகத் தட்டுங்கள். முள் நகர்ந்து 4 கிலோ 100-க்கு வந்தால் உள்ளே பல்சக்கரத்தில் அழுக்கோ உராய்வோ இருக்கிறது. சுத்தம் செய்தால் சரியாகும். தட்டியும் நகராமல், காலியானபின் சற்று நேரம் காத்திருந்தும் முள் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றால், ஸ்பிரிங் நிரந்தரமாக நீண்டுவிட்டது. பத்துக் கிலோ தராசில் பதினைந்து கிலோ மூட்டையை மாட்டினாலோ, இரவு முழுக்கக் கூடையைத் தொங்கவிட்டாலோ இப்படி ஆகும். அப்போது திருகாணியைத் திருகுவது நோயை மறைப்பதே. அதற்குப் பின் ஏற்றும் பாரத்தில் அது இன்னும் நீளக்கூடும்.

இத்தகைய தராசுக்கு ஆண்டுக்கொரு முறை எடையளவுத் துறையின் மறுமுத்திரை கட்டாயம். ஸ்பிரிங்கை மாற்றினால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் மாற்றி, உடனே முத்திரை பெற்றுவிட்டுத்தான் வியாபாரத்துக்குத் தொங்கவிட வேண்டும்.