பனிப்பெட்டியில் இரண்டு நாள் உணவு

நோயாளியுடன் வாரக்கணக்கில் தங்கும் உறவினர் பலர், வீட்டு உணவைச் சிறிய பனிப்பெட்டியில் கொண்டுவருகின்றனர். இவ்வழக்கத்தை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் பனிப்பெட்டி சூடான உணவைக் குளிர்விப்பதில்லை. குளிர்ந்த உணவின் குளிர்ச்சியைச் சிறிது நேரம் காக்கிறது, அவ்வளவே.

சோற்றில்தான் எங்களுக்குக் கவலை மிகுதி. அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நச்சைச் சுரக்கும். அந்நச்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. மணத்தாலும் சுவையாலும் அதனைக் கண்டறிய இயலாது. ஆகவே வடித்த சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தாய் மருத்துவமனையில் தங்கியிருக்கிறார். மகன் இரண்டு நாளுக்கு ஒருமுறை, திங்கள் காலையில், பேருந்தில் வருகிறார். காலைச் சிற்றுண்டி உணவகத்தில் கிடைத்துவிடும். எனவே மதியத்திற்கும் இரவுக்குமாக நான்கு டப்பாக்கள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு வேளைக்கு மட்டும். செவ்வாய்க்குரிய சாம்பார் சாதமும் இட்லியும் ஞாயிறு காலையிலேயே சமைக்கப்பட்டு, ஆறியபின் உறைநிலைப் பகுதியில் ஒரு நாள் இருந்து கல்லாக உறைகின்றன. திங்களுக்குரிய எலுமிச்சைச் சோறும் சப்பாத்தியும் ஞாயிறு மாலை சமைத்துக் குளிரூட்டப்படுகின்றன.

10 லிட்டர் பெட்டியில் உறைந்த டப்பாக்கள் அடியிலும், திங்கள் டப்பாக்கள் அவற்றின் மேலும் அமைகின்றன. முழுதும் நிரப்பாமல் உறையவைத்த நான்கு அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் பக்கங்களிலும் உச்சியிலும் செருகப்படுகின்றன. குளிர்காற்று கீழிறங்குவதால் உச்சியில் ஒன்றேனும் இருத்தல் அவசியம். உதிரிப் பனிக்கட்டி வேண்டாம். உருகிய நீர் டப்பாவுக்குள் கசியும். பருப்புப் பொடி, வாழைப்பழம், பொட்டுக்கடலை ஆகியவை வெளியிலேயே கெடாதிருக்கும்; அவற்றுக்குப் பெட்டியில் இடம் தரவேண்டியதில்லை. தேங்காய்ச் சட்னியை அறவே தவிர்த்துவிடலாம்.

பெட்டியை வேளைக்கு ஒருமுறை மட்டும் திறந்து, வெயில் படாத கட்டிலடியில் வைக்கவும். செவ்வாய் காலை புட்டிகளில் பனி எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பனி முற்றிலும் உருகி, டப்பாவும் கைக்குக் குளிர்ச்சியாக இல்லையெனில், அவ்வுணவை உண்ணலாகாது. அன்றைய மதியத்திற்கு உணவகமே துணை. ஐயமிருப்போர், சமையலறை வெப்பமானியை டப்பாக்களின் நடுவே வைத்துப் பார்க்கலாம். 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருப்பதே நன்று.

உண்ணும்போது ஒரு வேளைக்குரியதை மட்டும் நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்கவும். எவர்சில்வர் டப்பாவை மைக்ரோவேவில் வைக்கலாகாது. மீந்ததை மீண்டும் பெட்டிக்குள் வைக்கவேண்டாம்.

இத்திட்டம் உடனிருப்போருக்கானது. நோயாளிக்கு இதிலிருந்து ஒரு கவளம் தருவதாயினும், வார்டு செவிலியரிடமோ உணவியல் வல்லுநரிடமோ முன்னரே கேட்டுக்கொள்ளவும். குறிப்பாகப் புற்றுநோய்க்கான மருந்து பெறுவோருக்கும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோருக்கும்.