பேச முடியாதவரும் பேச்சு நிற்காதவரும்

பாரிஸ் நகரின் ஓரத்தில் இருந்த பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளிக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘டான்’. எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பதே அவர் பதில். கோபம் தலைக்கேறினால் மட்டும் வசவு ஒன்று முழுசாக, தெளிவாக வாயிலிருந்து வரும். செருப்புத் தைப்பவர்களுக்கு மர அச்சு செய்து கொடுத்தவர் அவர். இளமையிலிருந்தே வலிப்பு உண்டு. முப்பது வயதையொட்டிப் பேச்சு போனது. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து வலது கையும், பிறகு வலது காலும் செயலிழந்தன.

1861 ஏப்ரலில், காலில் புரையோடிய நிலையில், அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் அவரைக் கொண்டுவந்தார்கள். மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று புரோக்கா கேட்டார். லெபோர்ன் இடது கையின் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரி. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அந்த வசவை எடுத்துவிட்டார்.

கேள்வி புரிகிறது, கணக்கு தெரிகிறது, கோபித்துக்கொள்ளவும் தெரிகிறது. சொல் மட்டும் வரவில்லை. புரோக்காவைப் பிடித்து நிறுத்தியது இந்த முரண்தான். ஏப்ரல் 17இல் லெபோர்ன் இறந்தார். மூளையைத் திறந்தபோது, இடப்பக்க முன்மடலில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு குழிவு. அதே ஆண்டு லெலோன் என்ற 84 வயதுக்காரர் வந்தார். அவரிடம் மிஞ்சியிருந்தது ஐந்தே சொற்கள். எந்த எண்ணைச் சொல்வதானாலும் ‘மூன்று’ என்பதன் உடைந்த வடிவம்தான் வாயில் வரும். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் அதைச் சொல்லிவிட்டு, நான்கு விரல்களைக் காட்டித் திருத்துவார். அவர் மூளையிலும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் சேதம். இடது நெற்றிப்பொட்டை ஒட்டி உள்ளே இருக்கும் அந்தப் பகுதிக்குப் புரோக்கா பகுதி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பேச்சிழந்த பலரைப் பார்த்த பிறகு, 1865இல் புரோக்கா இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னார்: நாம் பேசுவது மூளையின் இடப்பாதியைக் கொண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரு பாதிகளில் ஒன்றிடம் மட்டும் மொழி இருக்கிறது என்பது அன்றைக்குப் பலருக்கு ஜீரணமாகாத செய்தி. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவில் இது உண்மை என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. இடக்கைக்காரர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு மொழி இடப்பக்கத்தில்தான். மற்றவர்களுக்கு வலப்பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ இருக்கும். லெபோர்னுக்கு வலது கை போனதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பாதி. பேச்சுக்குப் பக்கத்திலேயே கையை இயக்கும் பகுதி அமைந்திருக்கிறது.

வாய் அசையாததால்தான் பேச்சு போயிற்று என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை என்பதற்குக் காதுகேளாதோர் சாட்சி. கைச்சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களுக்கு இடமூளையில் பக்கவாதம் வந்தால், கை நன்றாக அசையும்போதும் சைகை மொழி குலைந்துபோகிறது. குலைவது வாயோ கையோ அல்ல, மொழி. நாக்குத் தசை தளர்ந்து பேச்சுக் குழறுவது வேறு நோய். அவர்களிடம் காகிதமும் பேனாவும் கொடுத்தால் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். மொழியை இழந்தவர்களுக்கு எழுத்தும் சேர்ந்தே தடுமாறும்.

புரோக்கா வகைப் பேச்சிழப்பு தமிழில் எப்படி ஒலிக்கும்? “நேத்து... ஆஸ்பத்திரி... பையன்... பஸ்ஸு...” என்று ஒவ்வொரு சொல்லாக, முக்கி முக்கி வரும். வாக்கியத்தைக் கட்டும் வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் உதிரும், அல்லது இடம் மாறி விழும். தான் தடுமாறுவது அவருக்கே தெரியும். அதனால் கண் கலங்குவார்.

1874இல், 26 வயதேயான ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளை விவரித்தார். இவர்களிடம் பேச்சு நிற்காது. ஏற்ற இறக்கமும் வாக்கிய ஓட்டமும் சரியாக இருக்கும். ஆனால் பொருள் இருக்காது. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் வந்து நிற்கும், அகராதியில் இல்லாத சொற்களும் கலக்கும். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால், “அந்த மரத்தைத்தானே நேத்தே சுருவிட்டு வெச்சேன்” என்கிற மாதிரி ஒரு பதில் சரளமாக வரும். பிறர் சொல்வதும் புரியாது. தான் பேசுவது பிறருக்குப் புரியவில்லை என்பதும் பெரும்பாலும் தெரியாது. சேதம் இருப்பது இடது காதுக்கு மேலே சற்றுப் பின்னால், பொட்டுமடலின் மேற்பகுதியில். கை கால்களை இயக்கும் பகுதிக்கு இது தள்ளி இருப்பதால், நோயாளி எழுந்து நடமாடவும் கூடும்.

வெர்னிக்கே அதோடு நிற்கவில்லை. புரிந்துகொள்ளும் இடமும் பேசும் இடமும் நலமாக இருந்து, இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகள் மட்டும் அறுந்தால் என்னவாகும் என்றும் யோசித்தார். இன்று மருத்துவர்கள் காணும் அந்த நோயாளி, கேட்பதைப் புரிந்துகொள்வார், தானாகவும் பேசுவார். ஆனால் “இதைத் திருப்பிச் சொல்லுங்கள்” என்றால் திணறுவார். அதனால்தான் நோயாளியின் படுக்கை அருகே நிற்கும் மருத்துவர் மூன்று காரியங்களைக் கவனிக்கிறார்: பேச்சு தடையின்றி ஓடுகிறதா, சொன்னபடி செய்கிறாரா, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறாரா. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே சேதம் எங்கே என்று ஊகிக்க இது உதவும். மூன்றும் போயிருந்தால், இடமூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாளமே அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பாடப் புத்தகப் படத்தில் இந்த இடங்கள் வண்ணப் பொட்டுகளாக இருக்கும். அந்தப் படத்தை அப்படியே நம்பக் கூடாது. லெபோர்னின் மூளையும் லெலோனின் மூளையும் பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்துப் பார்த்த நினா டிராங்கர்ஸ் குழுவினர், 2007இல் முடிவை வெளியிட்டார்கள். புரோக்கா மூளையை வெட்டாமல் மேற்பரப்பை மட்டும் பார்த்து எழுதியிருந்தார். சேதமோ உள்ளே வெகு ஆழம் போய், மடல்களை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளையும் தொட்டிருந்தது. புரோக்கா பகுதி மட்டும் பழுதானவர்களில் பலருக்குப் பேச்சு சில வாரங்களில் பெரிதும் திரும்பிவிடுகிறது என்பதும் பின்னால் தெரியவந்த உண்மை. நிலையாகப் பேச்சைப் பறிப்பது பெரிய சேதமே.

லெபோர்னின் வசவு மட்டும் எப்படித் தப்பித்தது? யோசித்துக் கோக்கும் வாக்கியம் வேறு. பழகித் தடம்பட்டுப்போன வசவு, வழிபாட்டு வரி, ஒன்று இரண்டு என்று எண்ணுவது வேறு. பின்னவற்றுக்கு மூளையின் ஆழ்பகுதிகளும் வலப்பாதியும் துணை நிற்கின்றன. ஒரு சொல்லும் பேச வராதவர் பழைய பாட்டைச் சொற்களோடு பாடுவதும் இதனால்தான். இதைப் பிடித்துக்கொண்டு, தேவையான சொற்களை இராகம்போல இழுத்துச் சொல்லவைக்கும் பயிற்சியை 1970களில் அமெரிக்கர்கள் உருவாக்கினார்கள். எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. புரியும் திறன் மிஞ்சியிருப்பவர்களுக்கே அதிகம் உதவுகிறது.

வீட்டில் யாருக்காவது திடீரென்று பேச்சு நின்றாலோ வாய் கோணினாலோ இன்று பலரும் உடனே மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஏமாற்றுவது வெர்னிக்கே வகை. நேற்றுவரை நன்றாக இருந்த பெரியவர் காலையில் எழுந்து உளறினால், கை கால் நன்றாக இருக்கிறதே என்று வயதின் குழப்பம், மனநோய், காத்து கருப்பு என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள். அதுவும் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே 108ஐ அழையுங்கள். அவர் கடைசியாக எத்தனை மணிக்குச் சரியாகப் பேசினார் என்பதை நினைவில் வைத்து மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.