ஐந்நூறு மீட்டர் வேகமும் கலையாத புகையும்

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் வானிலை ஆய்வாளராக இருந்த பாய்ஸ் பலோட், 1858-ல் ஒரு கேள்வி எழுப்பினார். வாயு மூலக்கூறுகள் நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்று ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் முந்தைய ஆண்டுதான் எழுதியிருந்தார். அப்படியானால் புகையிலைப் புகை ஏன் அறைக்குள் படலம் படலமாக அப்படியே மிதக்கிறது? நொடியில் கலைந்துவிட வேண்டாமா?

இந்தக் கேள்வியின் கனம் புரிய, அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் ஒரு மூலக்கூறு சுவரில் மோதித் திரும்புகிறது. அதன் உந்தம் mv-யிலிருந்து −mv ஆக மாறுவதால், ஒவ்வொரு மோதலும் சுவருக்கு 2mv உந்தத்தைக் கொடுக்கிறது. பெட்டியின் நீளம் L என்றால், எதிர்ச்சுவரைத் தொட்டு மீண்டும் இங்கே வர 2L/v நேரம் ஆகும். இரண்டையும் வகுத்தால் சுவர்மீது சராசரி விசை mv²/L. எல்லா மூலக்கூறுகளுக்கும் இதைக் கூட்டி, மூன்று திசைகளுக்கும் பங்கிட்டால் கிடைப்பது:

P = ⅓ρv²

இதில் P வாயுவின் அழுத்தம், ρ அடர்த்தி. இரண்டையுமே கருவிகளால் அளந்துவிடலாம். காற்றழுத்தம் சுமார் 1,01,000 பாஸ்கல். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. இந்த எண்களைப் போட்டால் v நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வேகத்தை பாரமானியும் தராசும் சொல்லிவிடுகின்றன! இயற்பியலில் என்னை இன்றும் வியக்க வைக்கும் கணக்கு இது.

ஆகவே வேகத்தில் பிழையில்லை. கிளாசியஸ் அதே ஆண்டில் தந்த பதில், பாதையைப் பற்றியது. மூலக்கூறு நேராக ஓடுவதில்லை. சிறிது தூரம் போனதுமே இன்னொன்றில் மோதித் திசை மாறுகிறது. இரு மோதல்களுக்கு இடையே அது சராசரியாகக் கடக்கும் தொலைவை மோதலிடைத்தூரம் என்கிறோம். சாதாரணக் காற்றில் அது மீட்டரில் சுமார் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்குதான். நொடிக்கு 500 மீட்டர் ஓடும் மூலக்கூறு, அந்த ஒரு நொடியில் சுமார் 700 கோடி முறை மோதுகிறது.

ஒவ்வொரு மோதலிலும் திசை தாறுமாறாக மாறுவதால், N அடி நடந்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து N அடி தள்ளி நிற்பதில்லை. சராசரியாக √N அடி தொலைவில்தான் இருப்பார். ஒரு மீட்டர் விலக, ஒன்றரைக் கோடி அடிகள் போதாது. அதன் வர்க்கம், அதாவது ஏறக்குறைய 225 லட்சம் கோடி அடிகள் வேண்டும். நொடிக்கு 700 கோடி அடி வைத்தாலும் பல மணி நேரம் பிடிக்கும். விரவல் மெதுவாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

தேர்வு விடைகளில் அடிக்கடி காணும் ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். ஊதுபத்தி வாசனை சில நொடிகளில் அறை முழுக்கப் பரவுவதை விரவலுக்கு உதாரணமாக எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் காற்றோட்டத்தின் வேலை. விரவல் மட்டும் என்றால் வாசனைக்கு நாம் நெடுநேரம் காத்திருக்க நேரும். காற்று அசையாத மூடிய கண்ணாடிக் குழாயில், ஒரு முனையில் அமோனியாவும் மறுமுனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நனைத்த பஞ்சுகளை வைத்தால் விரவலை ஓரளவு தனியாகப் பார்க்கலாம். இரு ஆவிகளும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை வளையம் தோன்றும். அது நடுவில் விழாது; அமிலத்தின் பக்கமாகத் தள்ளி விழும். அமோனியா மூலக்கூறு எடை குறைந்தது, அதனால் வேகமாக விரவுகிறது.

மூலக்கூறின் இந்தத் தள்ளாட்டத்தை நேரில் காண முடியாது. அதே கணக்குக்கு உட்பட்ட இன்னொன்றைக் காணலாம். 1827-ல் ராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் கண்டது, மகரந்தத்தின் உள்ளிருந்து வந்த மிகச் சிறு துகள்கள் நீரில் ஓயாமல் துடிப்பதை. உயிருள்ள பொருளின் துடிப்போ என்று கல்லைப் பொடித்தும் பார்த்தார், அதுவும் துடித்தது. அகன்ற சுவரில் கணக்கற்ற மோதல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து நிலையான அழுத்தமாகின்றன. சிறு துகளிலோ ஒரு பக்கம் மோதல் சற்றே மிகுந்தாலும் அது நகர்ந்துவிடுகிறது. அங்கே ஆடுவது துகள், மூலக்கூறு அல்ல என்பதை விடையில் தெளிவாக எழுத வேண்டும்.

விலகும் தொலைவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கணித்தார். பிரான்ஸில் ழான் பெரான் பிசின் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து, 30 நொடிக்கு ஒருமுறை அவற்றின் இடத்தைத் தாளில் புள்ளியாகக் குறித்தார். நேரம் நான்கு மடங்கானபோது சராசரி விலகல் இரு மடங்குதான் ஆனது. அந்தப் புள்ளிகளிலிருந்தே அவர் அவகாட்ரோ எண்ணையும் கணக்கிட்டார்.