பொடுகுக்கு எண்ணெய் தீர்வா?

"தலை காஞ்சு போனதாலதான் பொடுகு, எண்ணெய் வை" என்பார்கள் வீட்டில். பதின்ம வயதில் நடப்பது பெரும்பாலும் நேரெதிர்.

பருவமடையும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடுவதால் தலைத்தோலில் எண்ணெய் அதிகமாகச் சுரக்கும். எல்லார் தலையிலும் வாழும் மலாசீசியா என்ற பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. அது எண்ணெயைச் சிதைக்கும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்கள் சிலருக்குத் தோலை உறுத்தும். தோல் வேகமாக உரியும். அதுதான் பொடுகு, அழுக்கு இல்லை.

ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகள் தினமும் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போடுவாள், தலைக்குக் குளிப்பது ஞாயிறு மட்டும். அதைக் கொஞ்சம் மாற்றினோம். ஞாயிறு காலை, புதன் மாலை என வாரம் இரண்டு முறை 2% கீட்டோகோனசோல் ஷாம்பு. முடியில் அல்ல, தலைத்தோலில் விரல் நுனியால் தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலச வேண்டும். உடனே அலசினால் மருந்து வேலை செய்யாது. புதன் ஏன் மாலையில்? காலையில் குளித்தால் ஈரத்தோடு பின்ன வேண்டியிருக்கும். எண்ணெய் பின்னல் நுனிக்கு மட்டும் சில சொட்டு.

மூணாவது வாரம் யூனிஃபார்ம் தோளில் உதிர்வது நின்னுச்சு. பிசுக்கு மட்டும் போகலை. அது வயசோட வேலை. 4 வாரத்துக்குப் பிறகு இதே ஷாம்பு வாரம் ஒருமுறை போதும். முழுசா நிறுத்தினால் பொடுகு திரும்பும்.

தட்டினால் உதிராமல் முடியில் ஒட்டியிருந்தால் அது ஈறாக இருக்கலாம். வட்டமாக முடி கொட்டினாலோ, 4 வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.