கூடுதல் வட்டி சொல்லும் கணக்கு

2018 மே மாதம் டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக் கடன் நிறுவனம் பொதுமக்களுக்குக் கடன் பத்திரங்களை விற்றது. என்சிடி என்று தரகர்கள் சொல்லும் பத்திரங்கள் இவை. வட்டி அதிகபட்சம் 9.10 சதவீதம். தரமதிப்பீடு ட்ரிபிள் ஏ, அதாவது அதற்கு மேல் தரம் கிடையாது. நிறுவனம் முதலில் கேட்டது 3,000 கோடி ரூபாய். வந்த விண்ணப்பங்கள் அதைப்போல மூன்று மடங்கையும் தாண்டின. அதே நாட்களில் மத்திய அரசின் பத்தாண்டுப் பத்திரம் ஏறக்குறைய 7.8 சதவீதம் ஈட்டிக் கொடுத்தது.

இரண்டுக்கும் இடையே 1.3 சதவீதம். விண்ணப்பம் போட்டவர்களில் பெரும்பாலோர் இதை லாபமாகத்தான் பார்த்திருப்பார்கள். கடன் சந்தையில் இருப்பவர்கள் இதற்கு ஸ்பிரெட் என்று பெயர் வைத்து, வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ரூபாயில் வாங்கிய கடனை மத்திய அரசு திருப்பித் தராமல் போகாது என்று எடுத்துக்கொண்டால், அதற்கு மேல் ஒரு நிறுவனம் தரும் ஒவ்வொரு காசும் அந்த நிறுவனம் கட்டத் தவறிவிடலாம் என்ற பயத்துக்கான விலை. அப்படியானால் விலையிலிருந்து பயத்தின் அளவைக் கண்டுபிடிக்க முடியும். பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

எளிய எண்களை வைத்துத் தொடங்குவோம். உங்களிடம் 1,000 ரூபாய் இருக்கிறது. ஓராண்டு அரசுப் பத்திரத்தில் 7 சதவீதம் கிடைக்கும்; ஆண்டு முடிவில் 1,070 ரூபாய், சந்தேகமில்லாமல். ஒரு நிறுவனத்தின் ஓராண்டுப் பத்திரம் 10 சதவீதம் தருகிறது. ஆண்டு முடிவில் 1,100 ரூபாய், நிறுவனம் கட்டினால். கட்டத் தவறினால் ஒரு பைசாவும் திரும்பாது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரியான நூறு நிறுவனங்களின் பத்திரங்களை ஒருவர் வாங்குகிறார். அவற்றில் எத்தனை மூழ்கினால், அரசுப் பத்திரம் வாங்கியவரும் இவரும் சரிசமமாக நிற்பார்கள்? ஒரு பத்திரத்துக்குச் சராசரியாக 30 ரூபாய் குறைந்தால் சரிசமம். 30-ஐ 1,100-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.7 சதவீதம். நூறில் இரண்டோ மூன்றோ மூழ்கலாம் என்று சந்தை விலை வைத்திருக்கிறது என்பது இதன் பொருள்.

ஆனால் மூழ்கிய நிறுவனத்திடமிருந்து ஒன்றுமே திரும்பாது என்பது அபூர்வம். கட்டடம், நிலம், வரவேண்டிய கடன்கள் என்று ஏதாவது மிச்சமிருக்கும். உலகச் சந்தைகளில் இந்தக் கணக்கைப் போடுபவர்கள் நூறுக்கு 40 திரும்பும் என்று வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். அப்படியானால் நிறுவனம் தவறும்போது உங்கள் இழப்பு 1,100 ரூபாய் அல்ல, அதில் 60 சதவீதமான 660 ரூபாய். 30-ஐ 660-ஆல் வகுத்தால் 4.5 சதவீதம். சற்று யோசித்துப் பாருங்கள்: மூழ்கினாலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்துவிடும் என்று நம்பிக்கையோடு கணக்குப் போட்டதும், மூழ்கும் வாய்ப்பு கூடிவிட்டது. இதில் முரண் ஏதும் இல்லை. அடி சிறியதாக இருந்தால், அதே 30 ரூபாய்க் கூடுதலை நியாயப்படுத்த அடி அடிக்கடி விழ வேண்டும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு வழி உண்டு. வட்டி வித்தியாசத்தை 0.6-ஆல் வகுங்கள். 3 சதவீத வித்தியாசத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வரும். முழுக் கணக்கின் விடையான 4.5-ஐ விட இது சற்றே அதிகம். காகிதமும் பேனாவும் இல்லாத நேரத்துக்குப் போதும்.

நீண்ட காலப் பத்திரத்துக்கு இதே கணக்கை ஆண்டுதோறும் அடுக்க வேண்டும். ஆண்டுக்கு 4.5 சதவீதம் தவறும் வாய்ப்பு என்றால் முதலாண்டைத் தாண்டும் வாய்ப்பு 95.5 சதவீதம். அதை ஐந்து முறை பெருக்கினால் 79 சதவீதம். ஐந்து ஆண்டுக்குள் எப்போதாவது தவறும் வாய்ப்பு 21 சதவீதம், ஐந்தில் ஒன்றுக்கும் மேல். ‘வெறும் மூன்று சதவீதம்தானே கூடுதல்’ என்று தோன்றும் பத்திரத்துக்குள் இவ்வளவு பெரிய எண் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் அபாயம் ஒரே அளவில் இருக்கும் என்று நாம் வைத்துக்கொண்டதன் விளைவு இது. உண்மையில் அது ஏறும், இறங்கும்.

இப்போது டிஎச்எஃப்எல் பத்திரத்துக்கு வருவோம். 1.3 சதவீத வித்தியாசம், 40 சதவீதம் திரும்பும் என்ற அனுமானம். ஆயிரம் ரூபாய்க்கு 13 ரூபாய் கூடுதல். தவறினால் இழப்பு 1,091 ரூபாயில் 60 சதவீதம், அதாவது சுமார் 655 ரூபாய். விடை ஆண்டுக்கு 2 சதவீதம். பத்தாண்டுக்கு அடுக்கினால் 18 சதவீதம். ட்ரிபிள் ஏ தரம் பெற்ற பத்திரத்துக்கு இது மிகப் பெரிய எண். இந்தத் தரத்தில் இருந்த நிறுவனங்களின் பழைய வரலாற்றைப் புரட்டினால், தவறியவை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் கணக்கு தப்பா? இல்லை. ஆனால் விடையை எப்படி வாசிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காப்பீட்டுக்கு நாம் கட்டும் பிரீமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு தீப்பிடிக்கும் வாய்ப்புக்குச் சரியாக எவ்வளவு வருமோ அதைவிட நிறுவனம் எப்போதும் கூடுதலாகத்தான் வாங்கும். கடன் பத்திரத்திலும் அதேதான். பொருளாதாரம் படுத்தால் பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் தவறும். நம் வேலையும் சேமிப்பும் ஆட்டம் காணும் அதே நேரத்தில் அந்த இழப்பும் வந்து சேரும். அந்தச் சங்கடத்தை ஏற்பதற்கு முதலீட்டாளர் தனிக் கூலி கேட்கிறார். போதாததற்கு, நிறுவனப் பத்திரத்தை அவசரத்துக்கு விற்கப் போனால் இந்தியாவில் பல நாள் வாங்க ஆளே இருக்காது. அந்த விற்க முடியாத சிரமத்துக்கும் கொஞ்சம் வட்டி. நாம் போட்ட கணக்கு இந்த மூன்றையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் தவறும் வாய்ப்பின் தலையில் கட்டிவிடுகிறது.

அமெரிக்கப் பத்திரங்களை வைத்துப் பல ஆண்டுகளாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மிக உயர்ந்த தரத்தில், விலை சொல்லும் வாய்ப்பு உண்மையில் நடந்ததைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் போகும். தரம் இறங்க இறங்க இந்த மடங்கு சுருங்கி, அடிமட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய நெருங்கிவிடும். ஆகவே நல்ல தரப் பத்திரத்தில் வரும் 2 சதவீதத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மோசமான தரப் பத்திரத்தில் 12 சதவீதம் என்று வந்தால், அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் விவேகம்.

இந்த எண் எவ்வளவு என்பதைவிட, அது எப்படி நகர்கிறது என்பதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். காரணம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் ஐஎல்&எஃப்எஸ் குழுமம் கடன் கட்டத் தவறியது; நிதி நிறுவனங்கள் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. அந்த மாதம் 21-ஆம் தேதி, ஒரு பரஸ்பர நிதி நிறுவனம் தன்னிடமிருந்த டிஎச்எஃப்எல் குறுகிய காலப் பத்திரங்களை, சுமார் 300 கோடி ரூபாய்க்கு, 11 சதவீத ஈட்டு விகிதத்தில் விற்ற செய்தி பரவியது. ஒரே நாளில் டிஎச்எஃப்எல் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஓராண்டுக்குள் முடியும் அரசுப் பத்திரங்கள் அப்போது 7.5 சதவீதத்தை ஒட்டி இருந்தன. வித்தியாசம் 3.5. நம் கணக்கில் ஆண்டுக்கு 5.3 சதவீதம். நான்கு மாதத்துக்கு முன்பு 2 இருந்த இடத்தில் இப்போது 5.

இரண்டும் காலம் வேறுபட்ட பத்திரங்கள். நேருக்கு நேர் நிறுத்துவது முழுக்கச் சரியல்ல. திசையைப் பற்றி மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. தரமதிப்பீடு அப்போதும் ட்ரிபிள் ஏ; அது இறங்கத் தொடங்கியது 2019 பிப்ரவரியில்தான். 2019 ஜூன் முதல் வாரத்தில் நிறுவனம் வட்டியைக் கட்டத் தவறியது. சந்தை 5 சதவீதம் என்று சொன்ன நிறுவனம் ஒன்பது மாதத்தில் மூழ்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. விலை எச்சரித்தது, எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அது சரியாகச் சொல்லவில்லை.

திரும்பக் கிடைத்த பணத்தின் கதை தனி. 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவைக் கலைத்தது. திவால் சட்டத்தின் வழியாகத் தீர்வுக்குப் போன முதல் நிதி நிறுவனம் இது. 2021 செப்டம்பரில் பிரமல் குழுமம் 34,250 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நூறுக்கு 46 வரை கிடைத்தது என்று கணக்குச் சொன்னார்கள். வைப்பு நிதி போட்டவர்களில் பலருக்கு அதைவிடக் குறைவு. அந்த 34,250 கோடியில் 19,550 கோடி ரொக்கமே அல்ல, 6.75 சதவீத வட்டியில் பத்தாண்டில் முதிரும் புதிய பத்திரங்கள். இரண்டே கால் ஆண்டுக் காத்திருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் கழித்தால், 46 என்பது அன்றைய மதிப்பில் 38 ஆகிவிடும். புதிய பத்திரத்தின் குறைந்த வட்டியையும் கணக்கில் எடுத்தால் இன்னும் இறங்கும். ‘எவ்வளவு திரும்பும்’ என்ற எண்ணில் காலமும் அடங்கியிருக்கிறது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் வைத்த 40 என்ற அனுமானம் இந்த ஒரு முறை கிட்டத்தட்டப் பொருந்தியது. அடமானம் எதுவும் இல்லாத பத்திரமாக இருந்தால், 20 வைத்தும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.

நீங்களே கணக்குப் போடும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பத்திரத்தின் மேல் அச்சிட்ட வட்டியை எடுக்காதீர்கள். சந்தையில் 1,000 ரூபாய்ப் பத்திரம் 920-க்குக் கிடைக்கிறது என்றால் உண்மையான ஈட்டு விகிதம் அச்சிட்டதைவிட அதிகம். முதிர்வு வரையிலான அந்த விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். அடுத்து, மூன்றாண்டுப் பத்திரத்தை மூன்றாண்டு அரசுப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள், பத்தாண்டோடு அல்ல. காலம் மாறினால் வித்தியாசம் பாதியாகவும் தெரியும், இரட்டிப்பாகவும் தெரியும்.

இணையத் தளங்களில் இப்போது பத்தாயிரம் ரூபாயிலேயே நிறுவனப் பத்திரம் வாங்கலாம். 11, 12 சதவீதம் என்ற விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. அரசுப் பத்திரம் 7 சதவீதம் தரும்போது ஒன்று 12 தந்தால், வித்தியாசம் 5. சுருக்கு வழியில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேல். மூன்றாண்டுக்கு அடுக்கினால் நாலில் ஒன்றை நெருங்கும் எண். அதில் ஒரு பகுதி பயத்துக்கான தனிக் கூலி என்று கழித்தாலும், மிச்சத்தை ஏற்க உங்களிடம் வசதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக அப்படி ஒரே பத்திரத்தில் போடாதீர்கள்.